மச்சினன் கொடுத்த பட்டியல்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது. கீழே ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் மெக்கானிக்குகளில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எந்த டெண்டர் அறிவிப்பு வந்தாலும் முதல் பக்கத்துத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பு வரைக்கும் படிக்காமல் அவள் விட்டதில்லை. கம்பெனி அவளுடைய அண்ணனுடையது. கணக்கு அண்ணியின் பொறுப்பு, டெண்டர் இவள் பொறுப்பு. மாடியில் இரண்டே அறைகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும், மற்றதில் இவளும் நான்கு இரும்பு அலமாரிகளும்.

ஆறு மாதமாக அந்த அறையில் இன்னொரு மேசையும் சேர்ந்திருந்தது. அண்ணியின் தம்பி உட்காருவதற்காக. முப்பதை எட்டப்போகிறவன், ஏற்கெனவே இரண்டு வேலைகளை விட்டுவிட்டு வந்திருந்தான். முதலாளிக்கு மச்சினன் என்பதால் ஒர்க்‌ஷாப் முழுக்க அவனுக்கு ‘மச்சினன்’ என்றே பேராகிவிட்டது. டீ கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பான்.

பூதக்கண்ணாடிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் அவளிடம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. அவன் வந்த இரண்டாவது மாதம் ஒரு பெரிய டெண்டர், நூலிழை வித்தியாசத்தில் எதிர்க் கம்பெனிக்குப் போயிற்று. விலை வெளியே போயிருக்கும் என்று அவள் மனசுக்குள் ஒரு முள் தைத்தது. அப்புறம், அவனுக்கு ஃபோன் வந்தால் அறையில் பேச மாட்டான். மாடிப்படிக்குப் போய், பாதிப் படியில் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசுவான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அண்ணன் ஒருமுறை கேலி செய்தார்.

அப்போதுதான் அரசு மருத்துவமனை டெண்டர் வந்தது. பன்னிரண்டு லிஃப்ட்டுகளுக்கு முழுப் பராமரிப்பு, போன வருஷம்போல ஒரு வருஷத்துக்கு இல்லாமல் இந்தத் தடவை ஐந்து வருஷத்துக்கு. கிடைத்தால் இருக்கிற மெக்கானிக்குகள் போதாது, இன்னும் ஆள் எடுக்க வேண்டியிருக்கும். இணையதளத்திலிருந்து இறக்கினால் நூற்று நாற்பதுக்கு மேல் பக்கங்கள். அவள் அச்செடுத்து, துளை போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மச்சினன் அவள் மேசையில் ஒரு தாளை வைத்தான்.

“செக்லிஸ்ட் போட்டுட்டேன்க்கா. தகுதி, தேதி, இணைப்பு எல்லாம் இருக்கு. உங்களுக்கு வேலை மிச்சம்.”

ஒரே பக்கம். கட்டம் கட்டி, வரிசை எண் போட்டு, டிக் அடிக்க ஓரத்தில் இடம் விட்டு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அந்த நேர்த்திதான் அவளை முதலில் உறுத்தியது. நேற்று மாலை வெளியான அறிவிப்பு அது. கடிதத்தில் ஒற்றெழுத்துகூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன் ஒரே இரவில் இதை எப்படித் தயாரித்தான்?

அவள் நன்றி சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தன் வழக்கப்படி படிக்க ஆரம்பித்தாள்.

அவளுடைய வழக்கம் எளிது, ஆனால் பொறுமையைக் கேட்கும். மொத்தத்தையும் மூன்று தடவை படிப்பாள். முதல் தடவை, யார் வரலாம் என்று மட்டும் பார்ப்பாள். இரண்டாவது, எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும். மூன்றாவது, எதை எதை இணைக்க வேண்டும், அசலா நகலா, யார் கையெழுத்து. ‘வேண்டும்’ என்ற சொல்லும் ‘நிராகரிக்கப்படும்’ என்ற சொல்லும் எங்கே தட்டுப்பட்டாலும் பென்சில் நின்றுவிடும். எழுதும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பக்க எண்ணையும் விதி எண்ணையும் போடுவாள். எண் இல்லாத வரி அவளைப் பொறுத்தவரை வதந்தி.

மச்சினன் கொடுத்த தாளில் ஒரு வரிக்குக்கூட எண் இல்லை.

மறுநாள் மதியத்துக்குள் மூன்று சுற்றும் முடிந்தன. அதற்கப்புறம்தான் அந்தத் தாளைத் திருப்பி வைத்துத் தன்னுடையதோடு ஒப்பிட்டாள். பெரும்பாலானவை ஒத்துப்போயின. ஆண்டு வருமானக் கணக்கு, உரிமம், கறுப்புப் பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், விலையை விலைப் படிவத்தில் தவிர வேறெங்கும் எழுதக் கூடாது என்ற எச்சரிக்கை, எல்லாம் சரி. சரியாக இல்லாதவை மூன்று. அந்த மூன்றில் எது ஒன்று தப்பினாலும் விண்ணப்பம் குப்பைக்குத்தான் போகும்.

முன்பு செய்த வேலைக்கான சான்றிதழ் தனியார் நிறுவனம் கொடுத்ததாக இருந்தால், அந்த நிறுவனம் வரி பிடித்ததற்கான சான்றும் கூடவே இருக்க வேண்டும். இவர்களிடம் இருந்த பெரிய சான்றிதழே தனியாருடையது. அந்த வரி மச்சினன் பட்டியலில் இல்லை.

வங்கி உத்தரவாதம் அடுத்தது. பொது அறிவுரைப் பகுதியில், விலைப்புள்ளி செல்லுபடியாகும் நூற்றிருபது நாளுக்கு உத்தரவாதமும் இருந்தால் போதும் என்றிருந்தது. மச்சினனும் அதையே போட்டிருந்தான். ஆனால் எண்பதாவது பக்கத்துக்கு மேல் ‘சிறப்பு நிபந்தனைகள்’ என்று ஒரு பகுதி இருந்தது. உத்தரவாதம் அந்த நூற்றிருபது நாளுக்கு அப்பாலும் நாற்பத்தைந்து நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்றது அது. பொதுவும் சிறப்பும் முரண்பட்டால் சிறப்பே செல்லும் என்று அதற்கு மேலேயே ஒரு வரி.

மூன்றாவது அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது. விண்ணப்பிக்கிறவர்கள் மருத்துவமனைக்கு நேரில் போய், லிஃப்ட்டுகளைப் பார்வையிட்டு, அங்குள்ள பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும். முதல் இரண்டைப் போல அதுவும் சிறப்பு நிபந்தனைகளில்தான் இருந்தது. அன்று காலை தளத்தில் ஒரு திருத்த அறிவிப்பு ஏறியிருந்தது. சமர்ப்பிக்கும் கடைசி நாளை ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தார்கள். மற்றத் தேதிகளில் மாற்றமில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஆக, பார்வையிடும் கெடு தள்ளிப்போகவில்லை. அது நாளையோடு முடிகிறது.

உட்கார்ந்து யோசித்தாள். தெரியாத்தனமாகச் செய்கிற பிழை அங்கங்கே சிதறிக் கிடக்கும். அற்ப விஷயத்திலும் இருக்கும், பெரிய விஷயத்திலும் இருக்கும். இதிலோ அற்பங்கள் எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன. ஆளைச் சாய்க்கும் இடங்களில் மட்டும் ஓட்டை.

மச்சினன் டீ குடித்துவிட்டு மேலே வந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“இந்த லிஸ்ட்டை எங்கேர்ந்து எடுத்த?”

“நானேதான்க்கா போட்டேன். படிச்சுப் பார்த்து.”

“எல்லாத்தையும் படிச்சியா?”

“ம்” என்றான். கண் மட்டும் ஜன்னல் பக்கம் போயிற்று.

அவன் பட்டியலைக் கம்பெனிக் கணினியில் பொதுக் கோப்புறையில் போட்டு வைத்திருந்தான். அவன் கீழே போன சமயம் பார்த்து அதைத் திறந்தாள். கோப்பின் விவரம் காட்டும் இடத்தைச் சொடுக்கினால் யார் உருவாக்கியது, எந்த நிறுவனத்துக் கணினி என்று வரும். வந்தது. நிறுவனம் என்ற இடத்தில் எதிர்க் கம்பெனியின் பெயர் முழுசாக நின்றது.

பூதக்கண்ணாடி அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். அதிர்ச்சியோடு, உள்ளே எங்கோ ஒரு மூலையில், நான் நினைத்தது சரிதான் என்ற நிம்மதியும் இருந்தது.

நேரே அண்ணன் அறைக்குப் போனாள். அண்ணியும் அங்கேதான் இருந்தாள். இருக்கட்டும் என்றுதான் போனாள். இரண்டு பட்டியலையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, மூன்று ஓட்டைகளையும் விதி எண்ணோடு காட்டி, கடைசியில் கோப்பின் விவரத்தையும் அச்செடுத்து மேலே வைத்தாள். எதிராளி நமக்கு விஷத்தைத் தட்டில் வைத்து நம் வீட்டுக் கையாலேயே பரிமாற வைத்திருக்கிறான் என்றாள்.

அண்ணி தம்பியை மேலே கூப்பிட்டாள்.

அவன் தாளைப் பார்த்தான். முகம் சுருங்கிப்போனது. கூடப் படித்த நண்பன் ஒருவன் அந்தக் கம்பெனியில் டெண்டர் பிரிவில் இருக்கிறான், இத்தனை பக்கத்தைப் படிக்கத் திணறியபோது அவனிடம் கேட்டேன், தன் கம்பெனிக்காகப் போட்டு வைத்திருந்ததை அனுப்பினான், அவன் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது என்று வெளியே சொல்லவில்லை. இவ்வளவும் மச்சினன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். மாடிப்படிப் பேச்செல்லாம் அவனோடுதானா என்று அண்ணன் கேட்டார். சிலது அவனோடு, சிலது கடன்காரனோடு என்றான்.

“போட்டிக் கம்பெனிக்காரன் தனக்குப் போட்ட லிஸ்ட்டை உனக்குச் சும்மா தூக்கிக் கொடுப்பானா? நீ சொன்னா நாங்க நம்பணுமா?” என்றாள் பூதக்கண்ணாடி.

“நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான்க்கா சொல்லல.”

அண்ணன் பேனாவை மூடி வைத்தார். டெண்டர் முடிகிற வரைக்கும் வீட்டில் இரு என்றார் கடைசியில். மச்சினன் தன் அக்காவைப் பார்த்தான். அண்ணி கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாள். அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். அன்றிலிருந்து அண்ணி பூதக்கண்ணாடியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சம்பளக் காசோலையைக்கூட டீக்காரர் மூலம்தான் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலையில் தலைமை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அவள் மருத்துவமனைக்குப் போனாள். போன இடத்தில் பொறியாளர் வெளியே போயிருந்தார். திரும்பி வர மதியத்துக்கு மேலாயிற்று. அதற்குள் அவருடைய குமாஸ்தா, பார்வையிடும் நேரம் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிட்டது, இனி சான்று தர முடியாது என்று கையை விரித்தார். அவள் கையிலிருந்த கட்டைப் பிரித்து விதியைக் காட்டினாள். ‘அலுவலக நேரம் முடியும் வரை’ என்றுதான் அதில் இருந்தது. குமாஸ்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே பதிவேட்டை நகர்த்தினார்.

பதிவேட்டில் அவளுக்கு முன்னால் ஒரே ஒரு கம்பெனி கையெழுத்துப் போட்டிருந்தது. தொலைவிலிருந்து வந்த ஏதோ கம்பெனி. எதிர்க் கம்பெனியின் பெயரைக் காணோம். அவளுக்கு அது வேறுவிதமாகப் பட்டது. வராமலே சான்று வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் வைத்திருக்கிறார்கள்; இந்தக் குமாஸ்தாதான் அந்த ஆள்; அதனால்தான் நம்மை விரட்டப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

பொறியாளர் நல்ல மனிதர். கூடவே வந்து பன்னிரண்டையும் காட்டினார். தலைமை மெக்கானிக் மொட்டைமாடியில் இருந்த இயந்திர அறைவரைக்கும் ஏறிப்போய்க் கயிற்றுத் தேய்மானத்தையும் கதவுப் பட்டைகளையும் குறித்துக்கொண்டார். இரண்டு லிஃப்ட்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகையே மாற்ற வேண்டியிருக்கும், பார்க்காமல் விலை போட்டிருந்தால் தலையில் துண்டுதான் என்று வரும் வழியில் சொன்னார். கையில் கிடைத்த சான்றை அவள் அங்கேயே நின்று படித்தாள். டெண்டர் எண்ணில் கடைசி இலக்கம் தப்பு. குமாஸ்தாவிடம் திருப்பி நீட்டினாள். போன வருஷத்துப் படிவத்தின் மேல் தட்டிவிட்டேன் அம்மா என்று அவர் மாற்றிக் கொடுத்தார். அவள் அதையும் நம்பவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அந்த அறை ஒரு கோட்டை மாதிரி ஆகிவிட்டது. அலமாரிக்குப் புதுப் பூட்டு, கணினிக்குப் புதுக் கடவுச்சொல். வங்கிக்கு அவளே போனாள். உத்தரவாதத்தின் கடைசி நாளைப் பழைய கெடுவிலிருந்து எண்ணாமல், திருத்தத்தில் வந்த புதுக் கெடுவிலிருந்து எண்ணிப் போடச் சொன்னாள். அச்சாகி வந்ததும் மேலாளர் எதிரிலேயே உட்கார்ந்து நாட்களை எண்ணினாள். விலையை அவளும் அண்ணனும் மட்டும் சேர்ந்து போட்டார்கள். எல்லாவற்றையும் தளத்தில் ஏற்றி ஒப்புகைச் சீட்டை அச்செடுத்தாள். அசல் உத்தரவாதமும் உறுதிமொழிப் பத்திரமும் இருந்த உறையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நேரம் குறித்த ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

திறக்கும் நாளன்று மருத்துவமனைக் கூட்ட அறையில் மூன்று கம்பெனியிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க் கம்பெனியின் சார்பில் வந்திருந்தவன் மச்சினன் வயதுக்காரன். கழுத்தில் தொங்கிய அட்டையில் டெண்டர் பிரிவு என்று இருந்தது. அவன்தான் அந்த நண்பன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. அவன் இவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

அதிகாரி ஒவ்வொரு உத்தரவாதமாக எடுத்து வங்கி, தொகை, செல்லுபடியாகும் கடைசி நாள் மூன்றையும் சத்தமாக வாசித்தார். தொலைவிலிருந்து வந்த கம்பெனி சரியாக இருந்தது. இவர்களுடையதும் சரி. பிறகு எதிர்க் கம்பெனியுடையது.

தேதியைக் கேட்டதும் அவள் பென்சில் நின்றது. நாற்பத்தைந்து நாள் குறைவு.

அதிகாரி அடுத்துப் பார்வையிட்ட சான்று என்றார். புரட்டினார், திரும்பப் புரட்டினார். “இணைக்கலையா?” என்று கேட்டார். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அது எதில் இருக்கிறது சார் என்று கேட்டான். சிறப்பு நிபந்தனைகள் என்றார் அதிகாரி. போன வருஷம் அப்படி ஒரு பகுதியே இல்லையே சார் என்றான் அவன். முடிவை மதிப்பீட்டுக் குழு எடுக்கும் என்று சொல்லி, குறித்துக்கொண்டு, அதிகாரி அடுத்ததற்குப் போய்விட்டார்.

பூதக்கண்ணாடி பென்சிலைக் கீழே வைத்தாள். அடுத்தவனுக்காக விஷம் வைத்தவன் அதைத் தானே சாப்பிடுவானா? அந்தப் பட்டியல் போன வருஷத்துப் பட்டியல். தேதியை மட்டும் மாற்றி, எல்லாம் அப்படியேதான் இருக்கும் என்ற தைரியத்தில் போட்டது. அதனால்தான் ஒரே இரவில் வந்தது. அதனால்தான் பழைய அற்பங்கள் அத்தனை சுத்தமாக இருந்தன. ஓட்டைகள் புதுசாகச் சேர்ந்த இடத்தில் மட்டும் இருந்தன. பதிவேட்டில் பெயர் இல்லாததற்கும் வேறு அர்த்தமில்லை. அவர்கள் போகவில்லை, அவ்வளவுதான். நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் படித்தவள், எதிரே நின்ற ஆளைத் தப்பாகப் படித்துவிட்டாள்.

முடிவு தளத்தில் வர மூன்று வாரம் ஆயிற்று. எதிர்க் கம்பெனியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மற்ற இரண்டின் விலையைத் திறந்தபோது இவர்களுடையதே குறைவு. கீழே ஒர்க்‌ஷாப்பில் கைதட்டினார்கள். அண்ணன் மேலே வந்து தங்கச்சியின் தோளைத் தட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு மச்சினன் தங்கியிருந்த வாடகை அறைக்குப் போனாள்.

கதவைத் திறந்தவன் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவளும் வாசலிலேயே நின்று சொன்னாள்.

“நீ சொன்னது நிஜம். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்.”

“ஜெயிச்சாச்சாமே. அக்கா சொன்னா.”

“ஆமா.”

“என் ஃப்ரெண்டுக்கு வேலை போச்சு, தெரியுமா?”

அவளுக்குத் தெரியாது. அவன் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நானும் யோசிச்சுப் பார்த்தேன்க்கா. நீங்க என்னை நம்பி, இதுல இந்த இந்தத் தப்பு இருக்குன்னு சொல்லியிருந்தா, நான் அவனுக்கு ஃபோன் பண்ணி சொல்லியிருப்பேன். நிச்சயமா சொல்லியிருப்பேன். அவங்க திருத்தியிருப்பாங்க. இந்த வேலை நமக்கு வந்திருக்குமான்னு தெரியாது. அதனால உங்க மேல கோபப்படக்கூட எனக்கு வழியில்ல.”

அவன் சொன்னது உண்மைதான். அவளுடைய சந்தேகம் பொய். அந்தப் பொய்தான் கம்பெனிக்கு ஐந்து வருஷ வேலையை வாங்கிக் கொடுத்திருந்தது. திரும்ப வேலைக்கு வா என்றாள். என்னை அனுப்பினது என் அக்கா எதிரில், கூப்பிடுறதும் அங்கேயே நடக்கட்டும் என்றான் அவன்.

மறுநாள் அண்ணன் அறையில், அண்ணி இருக்கும்போது, அவள் அப்படியே செய்தாள். சுற்றிவளைக்கவில்லை. நான் நினைத்தது தப்பு, அவனை நான் அவமானப்படுத்தினேன், மன்னிச்சிடுங்க அண்ணி என்றாள். அண்ணி கணக்குப் புத்தகத்தில் கூட்டிக்கொண்டிருந்த பத்தியைக் கடைசிவரை கூட்டி முடித்தாள்.

“அவன் பொய் சொன்னான், அதுவும் தப்புதான். ஆனா என் கண்ணு எதிர்ல அவனை நிக்க வச்சு எனக்குக் காட்டணும்னு வந்தீங்க பாருங்க, அதைத்தான் என்னால மறக்க முடியல” என்றாள்.

அது முழுக்க உண்மை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

மச்சினன் அடுத்த வாரம் வந்தான். அவளே அண்ணனிடம் வாதாடி, வேலை இழந்த அந்த நண்பனையும் எடுத்துக்கொள்ள வைத்தாள். எதிராளியின் ஆளையா என்று அண்ணன்தான் இந்தத் தடவை சந்தேகப்பட்டார். பன்னிரண்டு லிஃப்ட்டுக்கான காகித வேலைக்கு எப்படியும் ஒரு ஆள் வேண்டும், ஒரு தடவை இப்படி அடிபட்டவன் இனிமேல் சிறப்பு நிபந்தனையை ஜென்மத்துக்கும் விட மாட்டான் என்றாள்.

சொன்னாளே தவிர, அவன் போட்டுக் கொடுத்த முதல் பட்டியலை, வரிக்கு வரி எண் இருந்தும், மூலத்தோடு வைத்து அவள் முழுசாகச் சரிபார்த்தாள். அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உன் மேல் சந்தேகம் இல்லை, நான் போட்டிருந்தாலும் இன்னொருத்தர் பார்க்கத்தான் வேண்டும் என்று அவனிடம் விளக்கினாள். மச்சினன் தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கி, அப்படின்னா உங்களோடதை இனிமே நான் பார்க்கிறேன் என்றான். அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தன் கையால் எழுதிய பட்டியலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

அண்ணி மறுபடி அவளோடு பேச இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.